நான் அடித்த சிஸ்டர்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிற எனக்கு ‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’ இரண்டையும் கண்டாலே ஆகாது. பலகையில் எழுதிக்காட்டி, பின்பாதியை அடித்துவிடுவேன். கசின் என்றால் போதும். ஆணா பெண்ணா என்பதை அடுத்து வருகிற ‘ஹி’யோ ‘ஷி’யோ சொல்லிவிடும். யாராவது ‘மை அங்கிள்ஸ் சன்’ என்று எழுதினால் இன்னும் மோசம். “எந்த அங்கிள்? மாமாவா, சித்தப்பாவா? மதர்ஸ் பிரதரா, ஃபாதர்ஸ் யங்கர் பிரதரா, அதச் சொல்லுங்க” என்று பிடித்துக்கொள்வேன்.

என் கணவருக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அங்கே ரிசப்ஷனுக்கு ஆள் தேவைப்பட்டது. தன் அத்தை மகளைச் சிபாரிசு செய்து மேனேஜருக்கு எழுதிய மெயிலை என்னிடம் காட்டினார். ‘மை கசின் சிஸ்டர்’ என்று ஆரம்பித்திருந்தார்.

எந்த அத்தை மகள்? ஒரு காலத்தில் இவருக்குக் கட்டிவைப்பதாக இரண்டு வீட்டிலும் பேசிவைத்திருந்தார்களே, அவளேதான். அவள் பேச்சு வந்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வாத்தியார் புத்தி எங்கே போகும்? ‘சிஸ்டர்’ஐ அடித்துவிட்டு மெயிலைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு அப்படியே அனுப்பிவிட்டார்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதம் ஊழியர்களின் குடும்பங்களை கேன்டீனுக்கு அழைத்து ஒரு விருந்து வைத்தார்கள். போனதும் என் கண் அவளைத்தான் தேடியது. பாழாய்ப்போனவள், முன்னைவிட அழகாக இருந்தாள். புதிதாக வந்திருந்த டாக்டரிடம் என் கணவர், நான் சொல்லிக்கொடுத்தபடியே, “ஷி இஸ் மை கசின்” என்று அறிமுகம் செய்தார்.

பக்கத்திலிருந்த அக்கவுண்டன்ட் விடுவாரா? “வெறும் கசினா? அப்போ கட்டிக்கிற முறைதானா சார்? சொல்லவே இல்லையே!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்த வெட்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கசின் சிஸ்டர்!” என்று கத்திவிட்டேன். “சிஸ்டர்! தங்கச்சி மாதிரி!”

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. என் வகுப்புக்கு வருகிற நர்ஸ் ஒருத்தி அங்கே இருந்து தொலைத்தாள். “மிஸ், சிஸ்டர் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் அப்பாவியாக.

பைக் நிறுத்துமிடம் வரை அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே வந்ததும் அவர்மேல் பாய்ந்தேன்.

“மை ஃபாதர்ஸ் சிஸ்டர்ஸ் டாட்டர்னு தெளிவா சொல்ல வேண்டியதுதானே? இல்ல, ‘ஷி இஸ் லைக் எ சிஸ்டர் டு மீ’ன்னாவது சொல்லலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“சிஸ்டர் தப்புன்னு எனக்கும் தெரியும்” என்றார், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே. “உங்கிட்ட எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு எழுதுனீங்க?”

“மேனேஜருக்காகவா அத எழுதினேன்? அனுப்பறதுக்கு முன்னாடி நீ படிப்பேன்னுதான் அந்த வார்த்தையப் போட்டேன். நீ அதத்தான் மொதல்ல அடிச்ச.”