அகல்யா போட்ட ஸ்டேட்டஸ்

1

ஒரு படத்தின் அடியில் இருந்த காலியிடம்தான் இந்தக் கதைக்குக் காரணம். கவரைப்பேட்டையில் என் கீழ்வீட்டில் இருக்கும் அகல்யா இரவு பதினொன்றே முக்காலுக்கு அதை எனக்கு அனுப்பினாள். மேசை, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், கறுப்புப் பேனா, ஹால் டிக்கெட். காலையில் அவளுக்கு குரூப் ஃபோர் தேர்வு.

"அக்கா, நீங்க கதை எழுதுறவங்க. இதுக்குக் கீழ ரெண்டு வரி சொல்லுங்க. ஸ்டேட்டஸ் வைக்கணும்."

முதலில், ஹால் டிக்கெட்டில் பதிவெண் தெரிகிறது, ஓரத்தை வெட்டிவிடு என்றேன்.

2

நான் எழுதித் தந்தவை:

விழிகள் சோர்ந்தாலும் என் கனவு...

(இதை முடிக்கவில்லை. எனக்கே கூசியது.)

சோர்வு உண்டு, பின்வாங்கல் இல்லை.

இரண்டாவதைப் போட்டாள். ஒரு நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"கோச்சிங் சென்டர் நோட்டீஸு மாதிரி கீதுக்கா. மாத்தவும் முடியல."

ஸ்டேட்டஸில் ஏற்றிய வரியைத் திருத்த முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அழித்தாள். யாராவது பார்த்திருப்பார்களே என்றேன். யாரும் பார்த்திருக்க முடியாது என்றாள். ஒரே ஆள் மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தாளாம். அந்த ஆளின் போன் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் காலை ஆறு மணிவரை லாக்கருக்குள்.

3

இங்கே நான் என் கதைப் பாத்திரத்தைச் சந்தேகித்தேன். ஊருக்குக் காட்டிக்கொள்ளும் பெண் என்றல்லவா எழுதத் தொடங்கினேன்? அந்த ஒரே ஆள் அவள் கணவன் வசந்தகுமார். இரண்டு முறை தேர்வில் தவறியாயிற்று, இனி எதற்கு என்று கேட்டிருக்கிறான். நான்கு நாளாகப் பேச்சில்லை. தேர்வு மையமோ பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காடு ரோட்டில்.

வண்டியில் கொண்டுவிடச் சொல்லி அவனுக்கே மெசேஜ் போடலாமே என்றேன்.

"மெசேஜுன்னா பதில் போட்டாவணும். ஸ்டேட்டஸுன்னா பாத்தா போதும்க்கா."

இதற்கு இணையாக ஒரு வரி என்னிடம் இல்லை. அவளே எழுதிப் போட்டாள்:

*கண்ணு எரியுது. இன்னும் ரெண்டு பாடம் கீது. ஒம்போது மணிக்குள்ள உள்ள போவணும்.*

4

(முடிவுகளில் ஒன்று: அவன் பார்க்கவில்லை, ரயிலில் போகிறாள். இன்னொன்று: பார்த்தும் வரவில்லை. இரண்டையும் எழுதினேன். இரண்டாவது நன்றாகவே வந்திருந்தது, அதனால்தான் அடித்து நீக்கினேன்.)

நடந்தது இது. ஆறேகாலுக்கு அவள் ஸ்டேட்டஸின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கண் படத்துக்குப் பக்கத்தில், ஒன்று என்று விழுந்தது. பதில் இல்லை. ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. மாடியிலிருந்து பார்த்தேன். ராத்திரி ஷிப்டு சட்டையோடு வசந்தகுமார், எஞ்சினை அணைக்காமலே காத்திருந்தான். அவள் ஏறும்போது ஏதோ சொன்னான். அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

மதியம் திரும்பி வந்து சொன்னாள், இருநூறு கேள்விக்கும் வட்டம் நிரப்பிவிட்டாளாம். தெரியாததற்கு, விடை தெரியவில்லை என்ற ஐந்தாவது வட்டம், பதினொரு முறை. முடிவு வர மாதங்கள் ஆகும்.

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"அத்த மட்டும் எழுதாதீங்கக்கா."

எழுதவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.