மத்தியானம் மறுத்த தண்ணீர்

ரொறன்ரோவில் ஒரு நில அளவைக் கொம்பனியில் எனக்கு வேலை. தொண்ணூற்றாறில், சவூதிப் பாலைவனத்தில் குழாய் போகும் பாதையை அளக்க ஆள் கேட்டார்கள். நான் உடனே ஓம் என்றேன். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், இறந்துபோன என் மனைவி நிலாணியின் குளிர் கோட் தொங்கியது. அதை எடுக்க முடியவில்லை. அது இல்லாத ஓர் இடத்துக்குப் போனால் போதும் என்றிருந்தது.

முகாமில் மூன்று பேர். நான். யாழ்ப்பாணத்து வின்சன்ற், சாரதி. சமைக்கவும் அளவுக் கம்பம் பிடிக்கவும் மட்டக்களப்புக் கோணேஸ்வரன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலமரம் நின்றது. சிறிய இலை, பெரிய முள். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று வின்சன்ற் கேட்பான். தண்ணீர் இருக்கிற ஆழம் வரைக்கும் என்பேன்.

மார்ச் மாதம். பகலில் நிழலிலேயே முப்பத்தாறு. விடியப்புறம் ஒன்பது. காற்றில் ஈரம் இல்லை, வானத்தில் மேகம் இல்லை. சூரியன் விழுந்ததும் மணல் தன் சூட்டை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வெயிலில் சட்டையைக் கழற்றாதே, ஊரில் மாதிரி வெறும் மேலோடு திரியாதே, வேர்வை துணியிலேயே நிற்கட்டும். மரத்தடியில் ஒரு சின்ன எலி இருந்தது. காலையில் தன் வளைக்குள் போய் வாசலை மணலால் அடைத்துவிடும். அதன் மூச்சின் ஈரமும் உள்ளேயே நிற்கும். மேலே கொதிக்கும்போது உள்ளே குளிர்ச்சி, மேலே குளிரும்போது உள்ளே சூடு. "உது எங்கள விடப் படிச்சிருக்கு" என்பார் கோணேஸ்வரன்.

அன்று தண்ணீர் லொறி வரவில்லை. விடிய வின்சன்ற் பிக்கப்பை எடுத்துக்கொண்டு தலைமை முகாமுக்குப் போனான். எங்கள் இருவருக்கும் தண்ணீர்க் கான்களில் இருபத்தைந்து லீற்றர் மிஞ்சியிருந்தது.

மத்தியானம் தலைமை முகாமில் இருந்து ரேடியோவில் செய்தி வந்தது. கோணேஸ்வரனின் தாய் தவறிவிட்டார்.

அவர் அழவில்லை. பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்தார்.

"தம்பி, ஒரு கான் தாங்க. அம்மாக்கு முழுகோணும்."

"அண்ணை, வின்சன்ற் எப்ப வருவான் எண்டு தெரியாது. இந்த வெயிலுக்கு ஒராளுக்கு எட்டு லீற்றர் குடிக்கவே வேணும்."

"என்ட குடிக்கிற பங்கத் தாங்க. அத ஊத்திக்கிறன்."

"குடிக்காட்டி நீங்களும் போவியள்."

"கேதம் கேட்டா முழுகாம இருக்கேலாது. முழுகினாலும் சாவுத் தீட்டோட கூடாரத்துக்குள்ள வரேலாது. துடக்கு."

"மணலை எடுத்துத் தடவுங்கோ. இஞ்ச இருக்கிற சனம் அப்பிடித்தான் செய்யிது."

அவர் என்னைப் பார்த்தார்.

"கணக்கு நல்லாத்தான் பாக்கிறீங்க. ஒங்கட பொஞ்சாதிக்கும் இப்பிடி அளந்துதான் ஊத்தினீங்களோ?"

வின்சன்ற் சொல்லியிருக்க வேண்டும். நிலாணிக்கு நான் எதையும் அளந்து ஊற்றவில்லை. ஊற்றவே இல்லை. அவளின் செத்தவீட்டில் முழுகி, ஈர வேட்டியோடு நிற்கவேண்டும் என்று மாமா கேட்டார். வெளியே மைனஸ் பதினெட்டு. அத்தோடு பியூனரல் ஹோமில் வெள்ளைக்காரர் நின்றார்கள். கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு நின்றேன்.

கோணேஸ்வரன் வேலமரத்தின் கீழ்ப் போய் இருந்துவிட்டார். சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன தண்ணீரைக் குடித்தார், அவ்வளவுதான். நான் கூடாரத்துக்குள் இருந்து அளவுக் குறிப்புகளைச் சரிபார்த்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சூரியன் விழுகிற நேரம் ரேடியோ கூப்பிட்டது. வின்சன்ற் தண்ணீரோடு புறப்பட்டுவிட்டான், விடிய வந்துவிடுவான். நான் வெளியே ஓடினேன். இரண்டு கான்களில் ஒன்றைத் தூக்கிப்போய் அவர் முன் வைத்தேன்.

"முழுகுங்கோ அண்ணை. முழுக்கவும் ஊத்துங்கோ."

அவர் முகத்தை எதிர்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. திரும்பி நடந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பகல் முழுக்க வெயிலில் கிடந்த கான். தண்ணீர் கேத்தலில் இருந்து வந்ததுபோல் சூடாக இருந்திருக்கும். அதனால்தான் அவருக்கும் குளிர் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். மத்தியானம் கொடுத்திருந்தால் வேட்டி கொஞ்ச நேரத்தில் காய்ந்திருக்கும், குளிர்ச்சியாகவும் இருந்திருக்கும். நான் கொடுத்தது காற்று எழும்புகிற நேரத்தில். வெட்கம் தீர்ந்த சந்தோசத்தில் தேநீர் போட்டுக் குடித்தேன். இருட்டிய பிறகு ஸ்வெற்றர் போட்டேன். அதைப் போடும்போதும் அவரை நினைக்கவில்லை.

இன்னொரு கோப்பையை எடுத்துக்கொண்டு போனபோது அவர் ஈர வேட்டியோடு மரத்தில் சாய்ந்திருந்தார். வேட்டியைத் தொட்டேன். ஐஸ்.

"அண்ணை, எழும்புங்கோ."

"வரேலாது... துட... துடக்கு..."

நாக்குக் குழறியது. கோப்பையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. தூக்கிப் பார்த்தேன், கனம். வேட்டியைக் கழற்றினேன். துவாயால் துடைத்தேன். என் ஸ்வெற்றர், என் தொப்பி, எங்கள் இரண்டு கம்பளிகள். ஆனால் கீழே மணல் குளிர்ந்துகிடந்தது, காற்று நிற்கவில்லை.

அப்போதுதான் எலியின் வளை ஞாபகம் வந்தது. மண்வெட்டியை எடுத்து அவருக்குப் பக்கத்தில் தோண்டினேன். மேல் மணல் கையைக் கடித்தது. முழங்கை ஆழத்தில் பகல் இன்னும் இருந்தது. வெதுவெதுப்பாக. ஓர் ஆளின் நீளத்துக்குத் தோண்டி, கம்பளியோடு அவரை உருட்டி உள்ளே விட்டேன். கீழிருந்து வாரிய சூட்டு மணலை மேலே போட்டேன். தலைப்பக்கம் காற்றுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

கழுத்துவரை மூடியபின் நின்று பார்த்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. கை நின்றுவிட்டது. பிறகு நானும் குழிக்குப் பக்கத்தில் படுத்து அவர் மேல் கையைப் போட்டுக்கொண்டேன்.

நெடுநேரம் அவர் நடுங்கவில்லை. பிறகு நடுங்கத் தொடங்கினார். மணல் அசைந்தது. அந்த நடுக்கத்தைப் போல ஒரு நல்ல செய்தியை நான் கேட்டதில்லை. சீனி கூடப் போட்ட தேநீரைக் கரண்டியால் கொடுத்தேன். விழுங்கினார்.

விடிந்தபோது கல்லின் மேல் ஓர் உடும்பு மாதிரிப் பிராணி ஏறி, கறுத்த உடம்பைச் சூரியனுக்குக் குறுக்கே தட்டையாக விரித்தது. கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளானது. கோணேஸ்வரனும் குழிக்கு வெளியே வந்து அதே பக்கம் பார்த்து இருந்தார்.

வின்சன்ற் வந்து இறங்கியதும் கேட்டான்: "என்னண்ணை, கிடங்கு? ஆரைப் புதைக்கிறியள்?"

"என்னத்தான்," என்றார் கோணேஸ்வரன். "தம்பி பெரிய மனிசன்டா. தண்ணி இல்லாத நேரத்தில ஒரு கான அப்பிடியே தந்திட்டார். மறுகா என்ட உசிரையும் புடிச்சு வச்சார்."

"அண்ணை, அது..." என்றேன்.

"நேத்து ஒரு பேச்சுப் பேசிட்டன். மன்னிச்சுக்கோங்க." தலையைக் குனிந்துகொண்டார். "அந்தத் தண்ணியில ஒங்கட பொஞ்சாதிக்கும் சேத்துத்தான் ஊத்தினனான். பேரு தெரியாது. தம்பிட பொஞ்சாதி எண்டு சொல்லி ஊத்தினன்."

ரேடியோ கூப்பிட்ட பிறகுதான் கொடுத்தேன் என்று சொல்ல இருந்தேன். சொல்லவில்லை.

"நிலாணி," என்றேன்.

ஈர வேட்டி முள்ளில் தொங்கியது. வெயில் ஏறியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்தது.