விளையாட்டு இல்லாத அட்டைப்படம்

"செத்துக்கிட்டு இருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. "கார்டைச் சொன்னேன்."

"தெரியுது தம்பி. வேலையைப் பாரு."

கைபேசி பழுதுபார்க்கும் கடையின் பின்னறை அது. இரண்டு முக்காலி போட்டால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். மேசைமேல் அவள் கணவனின் கையடக்க விளையாட்டுக் கருவி பின்மூடி கழன்று கிடந்தது. பழைய கால வீடியோ கேம்களை ஓட்டுகிற மலிவுச் சாமான். அதோடு இலவசமாக வந்த பெயரில்லாத மெமரி கார்டுதான் இப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கின அன்னிக்கே இந்த ஓசி கார்டைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல கார்டுல ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் ஏத்திக்கன்னு சொன்னேன். கேட்டானா? பல்லு வலிச்சாத்தான் டாக்டர்கிட்ட போவான் அண்ணன்."

"வலிச்சும் போகலையே," என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் சிரிப்பை ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அவளுக்கு விளையாடத் தெரியாது. அவளுக்கு வேண்டியது அட்டைப்படங்கள். பட்டியலில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் அதன் பெட்டிப் படம் தெரியும். மற்றவர்கள் அதை இணையத்திலிருந்து ஒரே பொத்தானில் இறக்கிக்கொள்வார்கள். அவன் அப்படிச் செய்யவில்லை. காசு கொடுத்து வாங்கிய கேசட்டை மட்டுமே, கணினியோடு இணைத்த ரீடரில் செருகிக் கோப்பாக்கிக் கருவியில் ஏற்றுவான். அதன் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் படுக்க வைத்து, மேலிருந்து தானே படம் எடுப்பான். பெட்டிகளுக்கெல்லாம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. எல்லாப் படத்திலும் அந்த உறையின் பளபளப்பில் அவன் தெரிவான். முகம் மட்டும் தெரியாது, கைபேசி மறைத்திருக்கும். வீட்டில் படம் எடுப்பவன் எப்போதும் அவன்தான் என்பதால், அவன் போய்ச்சேர்ந்த பிறகு தேடினால் அவன் இருக்கிற படம் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தது. முகம் மறைந்திருந்தாலும் இவற்றை இழக்க அவளுக்கு மனமில்லை.

கொழுந்தன் முதலில் பழைய கார்டிலிருந்ததைக் கணினிக்கு நகலெடுத்தான். படங்கள் ஊர்ந்து ஊர்ந்து வந்தன. ஒன்றில் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பல தடவை முயன்று பிடுங்கியதில், மேல்பாதி படமாகவும் கீழ்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் வந்து விழுந்தது.

"இவ்வளவுதான் இருக்கு. மிச்சம் போச்சு. எடுத்த தேதியும் கெட்டுப்போயிருக்கு." பெயரைப் படித்தான். "லைட்ஹவுஸ். இந்தப் பேர்ல விளையாட்டே இல்லையே? படம் மட்டும் அனாதையா கிடக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். அவர்கள் வீட்டு மேசைதான். சூடான பாத்திரம் வைத்துக் கருகிய வட்டம்கூடத் தெரிந்தது. பெட்டியின் மேல் மூலையில் ஒரு வெட்டு. கலங்கரை விளக்கு வரைந்த அப்படியொரு பெட்டி வீட்டில் கிடையாது. உறையில் வழக்கம்போல ஓர் உருவம், கைபேசி, கட்டைவிரலில் வெள்ளையாக ஏதோ ஒளித்தெறிப்பு. அதற்குக் கீழே, சாம்பல் தொடங்கும் விளிம்பில், இன்னொரு தலைமுடியின் ஓரம்.

"இது யாரு, பின்னால?"

"ஃபேன் நிழலா இருக்கும் அண்ணி. நீங்க வேற."

புதிய கார்டில் கருவியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதி, கருவியில் போட்டு முடுக்கினான். திரை இருட்டாகவே இருந்தது. ஆனால் தொடக்க இசை மட்டும் வந்தது. பிறகு பட்டியலில் நகரும் டிக் டிக் ஒலி. பொத்தானில் யாருடைய விரலும் இல்லை.

"நீ அமுக்குனியா?"

"இல்ல, பழசு, பொத்தான் ஒட்டிக்கிது," என்றான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "இதே மாடல்ல ரெண்டு விதமான டிஸ்ப்ளே போட்டு விக்கிறானுங்க. நான் வேற டிஸ்ப்ளேவுக்கான கோப்பைப் போட்டுட்டேன். அதான் சத்தம் வருது, படம் வரல." கார்டைக் கழற்றிக் கோப்பை மாற்றும்வரை அவள் அந்தக் கறுத்த கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். அதில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த முறை திரை எழுந்தது. விளையாட்டுகளை அந்தந்த ஃபோல்டரில் போட்டான். "படத்தை எல்லாம் நெட்ல இருந்தே இறக்கிரவா? அழகா வரும். பழசு மேல புதுசு எழுதிரும், ஒரே மாதிரி இருக்கும்."

"கை வெச்சா கையை உடைப்பேன்."

"சரி தாயே." அண்ணன் எடுத்த படங்களையே புதிய இடத்தில் வைத்தான். "விளையாட்டுக்கு என்ன பேரோ, படத்துக்கும் அதே பேர் இருந்தாத்தான் காட்டும். அந்த அனாதைப் படம் உள்ள கிடக்கும், வெளிய தெரியாது."

மறுவாரம் ஒரு மதியம் அஞ்சல்காரர் பொட்டலம் கொண்டுவந்தார். பெறுநர் இடத்தில் கணவன் பெயர். அவன் எப்போதோ கேட்டு வைத்திருந்தது, கப்பலில் ஆடி அசைந்து வந்து சேர்ந்திருந்தது. ஒட்டுநாடா இறுக்கமாக இருந்தது. கத்தியை ஓங்கி அழுத்தினாள். அது வழுக்கி உள்ளே இறங்கி, கட்டைவிரலையும் கீறிவிட்டது. விரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட பெட்டி. மேல் மூலையில் அவள் கத்தி போட்ட வெட்டு. நடுவில் கலங்கரை விளக்கு.

நெடுநேரம் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவன் செய்வதைப் பார்த்துப் பழகியபடி கேசட்டை ரீடரில் செருகினாள். கோப்பு வந்தது. 'லைட்ஹவுஸ்' என்று பெயரிட்டாள். ஃபோல்டரில் போட்டுப் பட்டியலைப் புதுப்பித்தாள். பெயருக்குப் பக்கத்தில், காத்துக்கொண்டிருந்தது போல, பாதி சாம்பலான படம் வந்து நின்றது.

கருவியை முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். கைபேசியைப் பிடித்திருந்த கட்டைவிரலில் இருந்தது ஒளித்தெறிப்பு இல்லை. துணி. ஒரு பக்கம் முடிச்சு, அவள் பல்லால் கடித்து இழுத்துப் போட்ட முடிச்சு.

படம் எடுத்தது அவன் இல்லை. படத்தை இன்னும் எடுக்கவே இல்லை.

அப்படியென்றால் பின்னாலிருந்த அந்தத் தலைமுடிக்குக் கீழே, சாம்பலுக்குள், கைபேசி மறைக்காத ஒரு முகம் இருந்தது. எடுத்துப் பார்த்து, அங்கே மின்விசிறியின் நிழல் மட்டும் இருந்தால்? எடுக்காவிட்டால் சாம்பலாவது மிஞ்சும்.

பெட்டியைக் கருகிய வட்டத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். அவன் கைபேசியை எடுத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். குனிந்தபோது பின்கழுத்தில் யாரோ நெருங்கி நிற்பதன் வெதுவெதுப்பு இருந்தது. அவள் திரும்பவில்லை. கைபேசித் திரையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

கோப்பை நகலெடுக்கும்போது கணினி கேட்டது: இதே பெயரில் ஒரு படம் இருக்கிறது, மாற்றவா? விரல் சற்று நின்றது. பிறகு மாற்றச் சொன்னாள்.

கருவியை முடுக்கிப் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

"அந்த லைட்ஹவுஸ் விளையாட்டு வந்துருச்சு தம்பி. படத்தை மாத்திட்டேன். முழுசா வந்திருக்கான்னு நீ பாத்துச் சொல்லு."

"யாரு எடுத்தா?"

"நான்தான். வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அடேங்கப்பா, அண்ணி பெரிய ஆளாயிட்டீங்க," என்றபடி அவன் பட்டியலைக் கீழே நகர்த்தினான். டிக், டிக், டிக். நின்றான். கருவியை வெளிச்சத்துக்குச் சாய்த்தான். அவன் உதட்டிலிருந்த கேலி மெல்ல இறங்கியது, கண்கள் நிறைந்தன.

"முழுசா இருக்கா?" என்றாள் அவள்.

அவன் தலையசைத்தான். பிறகு நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.