கடைசிப் பக்கத்து நம்பர்

இந்தக் காலத்து ஆக்களுக்கு ஒரு ஆளை ஆள் விசாரிக்கிற பழக்கமே இல்லாமல் போய்விட்டது என்பது நோபேட்டின் கணக்கு. முந்தி ஒருவரிடம் போனால் எப்படி இருக்கிறீர்கள், வட்டை வயலுக்குத் தண்ணி வந்துதா, காலில் இருந்த புண் ஆறிற்றா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்த விசயத்துக்கு வருவார்கள். இப்போது போனை எடுத்துக் காதில் வைக்கும் முன்னமே, "பதினொண்டாம் நம்பர் எவ்வளவு?" என்கிறார்கள். யார் பேசுகிறது, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. விலையைச் சொன்னால் "ம்" என்றுவிட்டு வைத்துவிடுகிறார்கள். வாங்குகிறார்களா இல்லையா என்பதும் அவர்களுக்கே தெரியாது.

தேற்றாத்தீவில், வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது அந்தத் தறிக்கொட்டில். ஆறு தறி. நடத்துகிறவள் நோபேட்டின் மருமகள் சர்மிளா. நெய்கிறவர்கள் ஐந்து பெண்கள். தறி உடைந்தால் பூட்டுவது, பாவு ஏற்றுவது, நூல் சிக்கெடுப்பது எல்லாம் நோபேட். எழுபத்திரண்டு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுசன். எண் வாசிப்பார். எழுத்து, பெரிதாக இருந்தால் வாசிப்பார்.

அவருடைய சட்டைப்பையில் ஒரு பட்டன் போன். அது இந்த மூன்று கிழமையாக ஓயவில்லை.

நடந்தது இதுதான். புளியந்தீவுக் கடைகளுக்குச் சுமந்து திரிந்து விற்றுச் சலித்துப்போன சர்மிளா, சாமான்களை எல்லாம் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, நீள அகலமும் விலையும் எழுதி, பதினாலு பக்கத்தில் ஒரு கற்றலொக் செய்தாள். தன் போனிலேயே செய்தாள். இடுப்பில் உடுக்கிற சாரம், துவாய், படுக்கை விரிப்பு, மேசைத் துணி, சேலை. கடைசிப் பக்கத்தில் எப்படி ஓடர் பண்ணுவது என்ற விபரம்: சாமானின் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அரைவாசிக் காசு முதலில் வங்கிக்குப் போட வேண்டும், பத்து நாளில் கூரியர், கூரியர் செலவு தனி. அதற்குக் கீழே இரண்டு நம்பர். வாட்ஸ்அப்புக்கு அவளுடையது. கதைக்க விரும்புகிறவர்களுக்கு நோபேட்டுடையது. அவளுடைய சிம்முக்குக் கொட்டிலில் வாட்ஸ்அப் போகிற அளவுக்குத்தான் சிக்னல் விழும், கதைக்க விழாது. மாமாவின் போனுக்கு விழும்.

அவரிடம் கேட்காமல் போடவில்லை. கேட்டாள். அவரும் ஓம் என்றார்.

ஓம் என்றபோது அவர் மனதில் இருந்தது கோயில் திருநாள் நோட்டீஸ். ஐந்நூறு அடிப்பார்கள், திருநாள் முடிய அது கச்சான் கடலை சுற்றப் போய்விடும். இதுவும் அப்படி ஒன்று, அடித்தது முடிந்தால் கரைச்சலும் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

இது முடியவில்லை.

"பீடிஎஃப் எண்டு சொன்னனே மாமா," என்றாள் சர்மிளா. "அது அடிக்கிற சாமானில்ல. போனுக்குப் போன் போற ஒண்டு."

"எத்தனை பேருக்கு அனுப்பின நீ?"

"நான் அனுப்பினது நாப்பது பேருக்கும் மூண்டு குறூப்புக்கும். அவங்க அங்கால அனுப்பியிருப்பாங்க."

"அங்கால எண்டால்?"

"எனக்கு எப்பிடி மாமா தெரியும்?"

தறியில் இருந்த சின்னத்தங்கம் நூலோட்டும் நாடாவை நிறுத்தாமலே சொன்னாள்: "நோபேட் அண்ணன் இப்ப பெரிய ஆள். கொழும்பிலயும் தேடுறாங்க."

"உன்ர வாயில அந்த நூலைக் கட்டு," என்றார் நோபேட்.

போனை அணைத்து வைத்தால் தீர்ந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். அவரால் அணைக்க முடியாது. மகள் ஞானமலர் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் நாலு வருசம். அவளுடைய போனை மேடம் வாங்கி வைத்துவிட்டா. வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் மேடம் தாய் வீட்டுக்குப் போனால், அடுத்த வீட்டில் வேலை செய்யும் கண்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் போனை மதிலுக்கு மேலால் வாங்கி ஐந்து நிமிசம் கதைப்பாள். எல்லா வெள்ளியும் வாய்க்காது. மலிவாக எடுக்கும் ஏதோ வழியில் எடுப்பதால், விழுகிற நம்பர் ஒவ்வொரு முறையும் வேறு. சில வேளை கொழும்பு நம்பர் மாதிரியே விழும். ஆகவே தெரியாத நம்பர் எதையும் நோபேட் விட முடியாது. எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும்.

ஞானமலருக்கு மனப்பாடமாக இருந்தது அப்பாவின் நம்பர் ஒன்றுதான். தன் வாட்ஸ்அப் நம்பரையும் அவளுக்குக் கொடுங்கள் என்று சர்மிளா எத்தனையோ தரம் சொன்னாள். நோபேட் கொடுக்கவில்லை. ஒரு நம்பர் என்றால் மனதில் நிற்கும். இரண்டு கொடுத்தால் எழுதி வைக்கத் தோன்றும். எழுதினால் மேடம் கண்டுபிடிப்பா. அப்படி அவருக்கு ஒரு யோசனை.

போன தடவை கதைத்தபோது ஞானமலர் சொல்லியிருந்தாள்: "இந்த மாசத்தோட எக்ரிமன்ட் முடியுது அப்பா. மேடம் டிக்கட் போட்டுத் தாறன் எண்டவ. போட்டதும் எடுத்துச் சொல்லுறன்."

அந்த மாதம்தான் இது.

முதல் வெள்ளி பின்னேரம், அவள் எடுக்கிற நேரத்துக்குச் சரியாக, கொழும்பிலிருந்து ஒரு அம்மா பிடித்துக்கொண்டா.

"ஒன்பதாம் நம்பர் விரிப்பு படத்தில உள்ள நீலமா, இல்ல இன்னும் டார்க்கா?"

"நூல் நீலம்."

"அது தெரியுது ஐயா. படத்தில கொஞ்சம் பச்சை அடிக்குது."

"படம் வெயிலுக்க பிடிச்சது. துணி நீலம்."

"வொஷ் பண்ணினா சாயம் போகுமா?"

"போகாது. அம்மா, நான் வைக்கப் போறன், என்ர மகள் எடுக்கிற நேரம்."

"ஒரு நிமிசம் ஐயா, பதினாலாம் நம்பர்…"

இடையில் காதுக்குள் பீப் பீப் என்று ஏதோ அடித்தது. பேட்டரி இறங்குகிறது என்று நினைத்தார். வைத்த பிறகு திரையைப் பார்த்தால், எடுக்காமல் போன ஒரு நம்பர் கிடந்தது. திருப்பி எடுத்தார். அப்படி ஒரு நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள்.

விடிந்ததும் சர்மிளாவின் முன்னால் போய் நின்றார்.

"அதத் திருப்பி எடு."

"எத மாமா?"

"அந்தப் புத்தகத்த. அனுப்பினது நீதானே. எடு."

அவள் தறிக்கட்டையில் உட்கார்ந்து, சண்டை பிடிக்காமல், ஆறுதலாகச் சொன்னாள். அனுப்பி இரண்டு நாளுக்குள் என்றால் எல்லாருக்கும் அழிக்கலாம். இது மூன்று கிழமை. அழித்தாலும், இறக்கி வைத்தவர்களிடம் இருக்கத்தான் செய்யும். அவர்கள் அனுப்பியவர்களிடமும் இருக்கும். பேசுகிற நம்பரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்து, பழையதைப் பாவிக்க வேண்டாம் என்று எழுதி அனுப்புகிறேன். இனிமேல் ஃபைலை அனுப்பாமல் லிங்க்தான் கொடுப்பேன். அப்படியென்றால் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாருக்கும் மாறும் என்றாள்.

"அப்ப இதுவும் மாறுமா?"

"இது மாறாது. இது போனது போனதுதான்."

"கொட்டில்ல நெய்யிற துணியில பிழை விட்டால் நான் அவிழ்த்து எடுப்பன்," என்றார் நோபேட். "இது என்ன சாமான் மகள், செஞ்ச ஆளுக்கே அவிழ்க்க ஏலாத சாமான்?"

சர்மிளா தறிக்கட்டையிலிருந்து எழுந்தாள். அன்றைக்கே புதியது செய்தாள். முதல் பக்கத்தில் சிவப்பில் 'திருத்தியது' என்று போட்டாள். அனுப்பினாள். போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. புதியது போய்ச் சேர்ந்தவர்கள் எடுக்கவில்லை போலும். எடுத்தவர்கள் எல்லாம் யார் யாரோ. வவுனியாவிலிருந்து ஒருவர், கல்யாணவீட்டுக்கு முப்பது சாரம் கேட்டார். ஒரு பெண் எதுவும் வாங்காமல் அரை மணித்தியாலம் தன் மாமியாரைப் பற்றிக் கதைத்தாள். நோபேட் குளிக்கப் போகும்போதும் போனைப் பொலித்தீன் பையில் போட்டுக் கிணற்றுக்கட்டில் வைத்தார். பூசைக்குப் போனால் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். வாவிக்குத் தோணியில் போவதை விட்டார். நடு வாவியில் சிக்னல் இல்லை.

இரண்டாவது வெள்ளி பதினாறு அழைப்பு. பதினைந்தாவதற்குள் வாயில் விலை சொல்லும் ஒரே பாட்டு ஏறிவிட்டது. பதினாறாவது அடித்தது. எடுத்தார். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. ஊ என்று ஒரு இரைச்சல் மட்டும்.

"விரிப்பு மூவாயிரத்து எண்ணூறு. துவாய் தொள்ளாயிரம். வேணுமெண்டா வாட்ஸ்அப்பில போடுங்க. கதைக்காட்டி வையுங்க, எனக்கு வேலை கிடக்கு."

இரைச்சல். வைத்துவிட்டார்.

பிறகு அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. பொழுதுபட்டு நுளம்பு கடிக்கத் தொடங்கும்வரை கொட்டில் வாசலில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, தறியில் பாவு ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் சர்மிளா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் அவளுடைய போன்.

"மாமா, மச்சாள்ர குரல்."

அவருடைய விரலில் இருந்த இழை அறுந்தது. அவள் போனை அவர் காதருகே பிடித்தாள். நேரே கதைக்கவில்லை, பதிந்து அனுப்பிய குரல்.

"சர்மிளா, நான் ஞானமலர். பக்கத்து வீட்டு அக்காட குறூப்புல ஒரு கற்றலொக் வந்திச்சி. ஊருக்குத் துணி வாங்கிக் குடுக்க எண்டு பாத்தவ, எனக்கும் காட்டினா. ஆறாம் பக்கத்துப் படத்தில தறிக்குப் பின்னால பெனியனோட நிக்கிறது அப்பா. கடைசிப் பக்கத்தில உன்ர நம்பர் கிடந்திச்சி. அப்பாட்டச் சொல்லு, வெள்ளிக்கிழமை நான்தான் எடுத்தனான். எனக்கு விரிப்பு விலை சொல்லிப்போட்டு வச்சிட்டார். ஏசாத, பாவம். மேடம் டிக்கட் போடல்ல. என்னக் கேக்காம விசாவப் புதுப்பிச்சிட்டா. வேற ஆள் வாற வரைக்கும் இரு எண்டுறா. எப்ப வருமெண்டு சொல்றா இல்ல. பாஸ்போட் அவட்ட. அப்பாட்ட மெதுவாச் சொல்லு. வைக்கிறன், மேடம்ர கார்."

தறிகள் நின்றிருந்தன. சின்னத்தங்கமும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நோபேட் அறுந்த இழையைத் தேடினார். கண்டுபிடித்து, நுனியை எச்சிலில் முறுக்கி முடிச்சுப் போட்டார்.

"இன்னொருக்கா போடு," என்றார்.

போட்டாள். முழுக்கக் கேட்டார்.

"பதில் அனுப்பலாம் மாமா. நீங்க கதையுங்க, நான் பதிஞ்சு அனுப்புறன். அந்தக் கண்டி அக்கா காட்டுவா. ஏஜென்சிக்கும் எழுதிப் போடுவம். இனி மச்சாளுக்கு என்ர நம்பரும் தெரியும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பீடிஎஃப் போகாட்டி இதுவும் வந்திருக்காது."

"அது போகாட்டி வெள்ளிக்கிழமை நான் அவளோட கதைச்சிருப்பன்."

"கதைச்சாலும் டிக்கட் வந்திருக்காதே மாமா."

"அவளுக்கு விரிப்பு விலை சொல்லியிருக்க மாட்டன்."

சர்மிளா போனை அவர் வாய்க்கருகில் பிடித்துச் மைக் அடையாளத்தை அமத்தினாள். நோபேட் தொண்டையைச் செருமினார். திரையில் வினாடி ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு.

"மகள்," என்றார். "நான் இங்கதான் இருக்கிறன். சாப்பிடு. வெள்ளிக்கிழமை எடு. இனி யார் எடுத்தாலும் முதல்ல ஆரெண்டு கேக்கிறன்."

சர்மிளா விரலை எடுத்தாள். ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரட்டையானது.

"போயிட்டுது மாமா."

"ஆர் ஆர்ட்டப் போகுதோ."

"மச்சாள்ட்டத்தான் போகும்."

"அப்பிடித்தான் அதுக்கும் சொன்ன நீ. நாப்பது பேருக்கு எண்டு."

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து நம்பரைப் பார்த்தார். தெரியாத நம்பர். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

"மாமா, என்னட்டத் தாங்க, நான் கதைக்கிறன்."

அவர் கொடுக்கவில்லை. ஒழுங்கையில் வாவிப் பக்கமாக, சிக்னல் இருக்கும் அளவுக்கு மட்டும், நடந்துகொண்டே காதில் வைத்தார்.

"ஆர் கதைக்கிறது?" என்றார்.