இரண்டு கோடு போதும்

ஆஸ்பத்திரியில் காது கேளாதவர் யாராவது டாக்டரைப் பார்க்க வந்தால் மேசைமேல் ஒரு டேப்லட்டை நிமிர்த்தி வைப்பார்கள். அதில் அக்கா தெரிவாள். டாக்டர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள்; நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். இத்தனையும் அவள் வீட்டுப் பின்னறையிலிருந்து நடக்கும். பின்னால் வெளிர் நீலத் திரை, முன்னால் லேப்டாப், கை பளிச்சென்று தெரிய ஒரே நிறத்தில் நாலைந்து கறுப்புச் சட்டை.

ஆஸ்பத்திரி ஆட்களுக்கும் அவள் அக்காதான். ஆனால் அப்படிக் கூப்பிட முதல் உரிமை அவளுடைய தம்பிக்கு. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு சண்டை போடுவதற்காகவே சின்ன வயதில் அவள் சைகை கற்றாள். அதுதான் பின்னால் சோறு போட்டது.

மூன்று வாரமாக மத்தியானத்துக்கு மேல் படம் உறைந்து உறைந்து நின்றது. வீட்டுப் பக்கம் கம்பி வழி இணைப்பு கிடையாது. போனில் வருகிற அதே நெட்தான், ஒரு சின்ன ரௌட்டர் வழியாக. குரல் மட்டும் பேசுகிறவர்களுக்கு ஒரு நொடி அறுந்தால் "என்ன சொன்னீங்க" என்று கேட்டுக்கொள்ளலாம். கைக்கு அது பொருந்தாது. ஒரு நாள் டாக்டர், "இந்த மாத்திரைய வெறும் வயித்துல போடவே கூடாது" என்றார். சைகையில் 'கூடாது' கடைசியில் வரும். அதற்கு முன்பே படம் நின்றுவிட்டது. எதிரே இருந்த பெரியவர் சரியென்று தலையாட்டினார். படம் திரும்பியதும், புரிந்ததைச் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டாள். அவர் கை நிதானமாகச் சொன்னது: வெறும் வயிற்றில், தினமும்.

திருத்திச் சொல்லிவிட்டாள். அதன்பின் வந்த ஒவ்வொருவரிடமும் புரிந்ததைத் திரும்பச் சொல்லக் கேட்டாள்.

இந்த ஏற்பாட்டைக் கவனிக்கும் நர்ஸ் மறுநாள் போன் செய்தாள். "உங்க மேல ஒரு குறையும் இல்லக்கா. படம்தான் நிக்குது. இது சரியாகுற வரைக்கும் மத்தியான ஷிஃப்ட்ட வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்றாங்க. எனக்கே சொல்ல சங்கடமா இருக்கு."

தம்பிக்கு கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற வேலை. ஆள் போகாத பண்ணைகளிலும் கிடங்குகளிலும் நெட் இழுத்துக் கொடுத்துப் பழகியவன். விஷயம் தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து இறங்கினான். கையில் வெளி ஆன்டெனா மாட்ட இரண்டு வாய் வைத்த ஒரு ரௌட்டர். தோளில் தட்டு மாதிரி ஒரு ஆன்டெனா, அதிலிருந்து தொங்கும் இரண்டு கேபிள்.

"ரௌட்டர என் ரூம்ல வை" என்றாள் அக்கா, கையால்தான்.

"அவ்வளவு தூரம் இந்தக் கேபிள இழுத்தா பிடிச்ச சிக்னல் வழியிலேயே கரைஞ்சு போகும். ரௌட்டர் மாடிப்படிக் கூண்டுலயே இருக்கட்டும். அங்கேருந்து உன் ரூமுக்கு சாதாரண நெட் ஒயர் விடறேன்."

தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, முதலில் கடைத்தெரு டவரை நோக்கித் திருப்பினான். படிக்கூண்டு வாசலில் நின்ற அக்காவின் போனில் ரௌட்டரின் அமைப்புப் பக்கம் திறந்திருந்தது. சிக்னல் கோடு ஐந்தும் நிரம்பின. அவள் முகம் மலர்ந்தது. வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இரண்டு எம்.பி.க்கும் பதினைந்துக்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தது.

தம்பி இறங்கி வந்து போனில் இரண்டு எண்களைக் காட்டினான். "இது சிக்னலோட பலம். இது தெளிவு. பலம் அமோகமா இருக்கு. தெளிவு வெறும் ஒண்ணு, இருபதுகிட்ட வரணும். இது எண்ணூறு பேண்ட், அதாவது அலைவரிசை. ரொம்ப தூரம் போகும், சுவரையும் துளைக்கும். அதனால கடைத்தெருல இருக்கிற போன் எல்லாம் இதுலதான் தொங்குது."

"பலமா இருந்தா நல்லதுதானே?"

"சில பேர் என் காதுகிட்ட வந்து கத்துவாங்களே, எனக்கு ஏதாவது புரியுதா?"

அக்கா சிரித்துவிட்டாள்.

ஏரிக்கு அப்பால் இன்னொரு டவர் கண்ணில் பட்டது. அதில் ஆயிரத்தெண்ணூறு பேண்ட் வருகிறது, கூட்டம் குறைவு என்றான். மறுபடி ஏறி ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினான். ஆனால் ரௌட்டர் பலத்தைக் கண்டு மயங்குகிற ஜாதி. பத்து நிமிடத்துக்கொரு முறை கடைத்தெருவுக்கே ஓடியது. அமைப்புப் பக்கத்தில் மற்ற பேண்டுகளின் டிக் குறியையெல்லாம் எடுத்துவிட்டு, ஆயிரத்தெண்ணூறை மட்டும் விட்டுப் பூட்டச் சொன்னான். பூட்டியதும் இணைப்பு அறுந்து, அரை நிமிடத்தில் ஏரி டவரோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு நுணுக்கம். அவன் விரலளவு திருப்புவான். எண் அடங்கும் வரை அக்கா பொறுத்திருந்து, தெளிவு எண்ணைக் கையால் காட்டுவாள். ஒன்பது. பன்னிரண்டு. பதினேழு. பதினான்கு. திரும்பிப் போ. அவனுக்கு ஒரு கை குழாயில் இருந்ததால் பாதிச் சைகைதான் வந்தது. மீதியை அவள் ஊகித்துக்கொண்டாள். பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அம்மாள், இரண்டு பேர் இவ்வளவு அமைதியாக ஆன்டெனா திருப்புவதை அதிசயமாகப் பார்த்தாள்.

பதினெட்டில் போல்ட்டை முறுக்கினான்.

"இருந்த அஞ்சு கோட்ட ரெண்டு ஆக்கிட்டியே" என்றாள் அக்கா.

"ரெண்டு போதும். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு சோதிச்சுப் பாரு."

பார்த்தாள். வேகம் இருபத்தொன்று. ஐந்து மணிக்கும் இருபது. படம் அனுப்புகிற வேகமும் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வாரம் நர்ஸிடமிருந்து புகாரே இல்லை. மத்தியான ஷிஃப்ட் அவளிடமே நின்றது.

அடுத்த வாரம் ஒரு காலையில் பிரசவ அறைக்குக் கூப்பிட்டார்கள். தாய்க்குக் காது கேட்காது, முதல் குழந்தை. டேப்லட்டைக் கட்டில் அருகே பிடித்துக்கொண்டு நர்ஸே நின்றாள். மூன்று மணி நேரம் அக்கா 'மூச்சை இழு', 'இப்ப முக்காதே', 'இப்ப முக்கு' என்று கையால் கூடவே இருந்தாள். படம் அசரவில்லை.

பதினொரு மணிக்குத் திடீரென்று திரை இருண்டது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலே இல்லை. ஏரி டவர் படுத்துவிட்டது. பேண்ட் பூட்டியிருப்பதால் ரௌட்டர் வேறு எதையும் தேடாது. தம்பி இதைப் போகும்போதே சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று லேப்டாப் ஓரத்தில் எழுதியும் ஒட்டியிருந்தான். 'தானாகத் தேடு' என்பதை அழுத்திச் சேமித்தாள். காத்திருந்த நேரத்தில் நர்ஸுக்குப் போன் போட்டாள். "ரெண்டே நிமிஷம். நான் வந்துட்டே இருக்கேன்னு அவ கைய அழுத்திச் சொல்லும்மா."

கடைத்தெரு டவர் கிடைத்தது. கடைகளில் கூட்டம் சேராத நேரம்; படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஓடியது. திரையில் அவளைக் கண்டதும் அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்தாள். கால் மணியில் ஏரி டவர் உயிர் பெற்றது. வலி அடங்கிய ஒரு இடைவெளியில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி பூட்டினாள் அக்கா.

பன்னிரண்டரைக்குக் குழந்தை பிறந்தது. பெண். அந்தத் தாய் முதலில் கேட்ட கேள்வி டாக்டருக்கு அல்ல, டேப்லட்டுக்கு.

"அழுதாளா? எப்படி அழுதா?"

அக்கா லேப்டாப்பை நெருங்கி உட்கார்ந்தாள். விரல்களைக் குவித்துத் திறந்து, புருவத்தை நெரித்து, அந்த அழுகையை ஏற்ற இறக்கத்தோடு காட்டினாள். "ஒரே கோபம். 'யாரைக் கேட்டு வெளிய எடுத்தீங்க'ங்கிற மாதிரி. நடுவுல ஒரு விக்கல். திரும்பவும் கோபம்."

படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தாய் சிரித்தாள், கண்ணீர் காதோரமாக வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். அவன் டவர் எத்தனை நிமிடம் படுத்தது என்பதைத் துருவித் துருவிக் கேட்டான். அழுகைக் கதை வந்ததும் கேள்வியை நிறுத்தினான். "நான் எப்படி அழுதேன்?" என்றான். இத்தனை வருடத்தில் அவன் கேட்டதில்லை.

அவன் பிறந்தபோது அக்காவுக்கு ஆறு வயது. நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.