3.84

சினேகாவுக்கு அந்தக் கணக்கில் எட்டுக்கு ஒரு மார்க் போட்டது நான்தான். அந்த ஒன்றும் சூத்திரத்தை எழுதியிருந்ததற்காக. விடையின் மேல் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. கோபத்தோடுதான் போட்டேன். நான் கொடுத்த நோட்ஸில் இல்லாததை ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருக்கிறாளே என்ற கோபம்.

விருதுநகரில் ஒரு தனியார் கல்லூரியில் ஏழு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளராக இருக்கிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்களுக்கு மூலக்கூறு நிறமாலை என் பாடம். கேள்வித்தாள், விடைக்குறிப்பு, திருத்துவது எல்லாமே நான். அந்தத் தாளில் சினேகாவுக்கு நாற்பத்தைந்து. தேற ஐம்பது வேண்டும். மற்ற எல்லாத் தாளிலும் அவள் முதல் வகுப்பு. சாத்தூரில் ஒரு பள்ளி ஜூனில் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை மதியம், புது வகுப்புக்கு அதே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரியும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு. இரண்டு குண்டு, நடுவில் வளையாத ஒரு கம்பி, உடற்பயிற்சிக்குத் தூக்குகிற டம்பெல் மாதிரி. அது தன் நிறை மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. ஆக்சிஜன் கனம் என்பதால் மையம் அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். இரண்டு நிறைகளையும் பெருக்கி, அவற்றின் கூடுதலால் வகுத்தால் குறைந்த நிறை கிடைக்கும். அதைப் பிணைப்பு நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் நிலைமத் திருப்புத்திறன். அது கூடினால் சுழற்சி மாறிலி B குறையும். இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பிறகு ஆற்றல் மட்டங்களைப் போர்டில் வரைந்தேன். B பெருக்கல் J பெருக்கல் (J கூட்டல் ஒன்று); J என்பது மட்டத்தின் வரிசை எண், சுழியத்திலிருந்து தொடங்கும். சுழியம், 2B, 6B, 12B. ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏற 2B, 4B, 6B. அவைதான் நிறமாலையில் கோடுகள். 3.84, 7.68, 11.52.

"அப்ப பக்கத்துப் பக்கத்துக் கோட்டுக்கு நடுவுல எம்புட்டு?" என்று கேட்டேன்.

"2B மேம்" என்றான் முன்வரிசையிலிருந்த முனியராஜ்.

சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. 2B. மார்ச் மாதம் நான் கொடுத்த நோட்ஸில் இடைவெளி 3.84 என்று எழுதி, அடுத்த வரியிலேயே B = 3.84 என்று போட்டிருந்தேன். பாதியாக்கவில்லை. தேர்வில் கேட்டதும் அதே கணக்கு, விடைக்குறிப்பிலும் அதேதான். B இரட்டிப்பானால் திருப்புத்திறன் பாதி, நீளம் இரண்டின் வர்க்கமூலத்தால் சுருங்கும். அதனால் பிணைப்பு நீளம் எனக்கு வந்தது 0.80 ஆங்ஸ்ட்ராம். சரியான விடை 1.13. எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையிலும் இருக்கும். நான் புரட்டவேயில்லை.

சினேகாவின் வகுப்பில் மற்ற முப்பத்தொரு பேரும் 0.80 என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவு பேர் ஒரே விடையை எழுதியது எனக்குத் தெம்பாகவே இருந்தது. சினேகா ஒருத்திதான் 1.13. நோட்ஸ் கொடுத்த அன்றைக்கே எழுந்து நின்று, "மேம், அது 2B இல்லையா?" என்று கேட்டாள். மணி அடிக்கப் போகிற அவசரம். "உனக்கு எல்லாம் தெரியும்னா நீ வந்து எடு. உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

சினேகாவின் விடைத்தாளை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அய்யாதுரை சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, திருத்துனா முப்பத்தொரு பேருக்கும் மார்க் குறையும். அதுல ஒம்போது பேரு பெயிலாவாங்க. அவங்கள்லாம் சர்டிபிகேட் வாங்கிட்டுப் போயாச்சு."

"அவங்க மார்க்க எடுக்க வேணாம் சார். நான் கொடுத்த நோட்ஸத்தான எழுதுனாங்க? சினேகாவுக்கு மட்டும் போட்டாப் போதும்."

"அதுக்கும் விடைக்குறிப்பு தப்புன்னு எழுதிக் குடுக்கணும். யாரு எழுதுனா, உங்க பேரு. அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற லிஸ்ட் மேல போகுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் புள்ள நவம்பர்ல எழுதிட்டுப் போகட்டும். நல்லாப் படிக்கிற புள்ளதான?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சினேகாவின் ஊரான அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறியதே அதற்காகத்தான். அவளைப் பார்த்துத் தைரியம் சொல்லி, நவம்பர் தேர்வுக்கு நானே பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் என்னையே ஏமாற்றிக்கொண்டு போனேன்.

அவள் அம்மா சுப்புத்தாய் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீகளே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சினேகா இப்போது அவரோடு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாளாம். தீபாவளி ஆர்டர், ஆள் பற்றாக்குறை. "படிச்சது போதும்னு நான் சொல்லல டீச்சர். அவதான் சும்மா இருக்க மாட்டேன்னு வந்தா."

சினேகா கடையில் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்திருந்தது. என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். கோபமே இல்லை. உள்ளே ஓடிப்போய் ஒரு நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"நவம்பருக்குப் போட்டுப் பாத்துட்டு இருக்கேன் மேம். இப்பச் சரியா இருக்கான்னு பாருங்க."

புரட்டினேன். அதே கணக்கு. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் புரோமைடு. பக்கம் பக்கமாக, இடைவெளியையே B என்று வைத்துப் போட்டிருந்தாள். ஒவ்வொரு விடையும் தப்பு. முதல் பக்கத்தில் 1.13 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 0.80 என்று எழுதியிருந்தாள்.

"புத்தகத்துல 1.13ன்னுதான் போட்டிருக்கு மேம். அது வேற மாதிரி அளந்ததுன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க தப்பாப் போட மாட்டீங்கல்ல? அதான் மறுமதிப்பீட்டுக்கும் எழுதிப் போடல. எட்டு மார்க்கும் வருமா மேம்?"

நவம்பர் மறுதேர்வுத் தாள் என்னிடம் வராது, வெளியாட்கள்தான் திருத்துவார்கள். சரியான விடைக்குறிப்போடு திருத்துவார்கள். இவள் மறுபடியும் தோற்பாள். அதுவும் சரியாகத் தெரிந்திருந்த ஒன்றை எனக்காக மறந்ததால் தோற்பாள்.

"வராது சினேகா. நீ அன்னைக்கு எழுதுனதுதான் சரி. தப்பு என்னோடது."

சுப்புத்தாய்க்கு என்ன விஷயம் என்று புரியாவிட்டாலும் மகளின் முகம் புரிந்தது. "என்னடி? என்ன சொல்றாக?" என்று தோளைத் தொட்டார். சினேகா அழவில்லை. பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்களே அடிங்க மேம்."

அடித்தேன். ஒவ்வொரு பக்கமாக, B = என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து 2B = என்று எழுதினேன். பத்தொன்பது இடம். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, தேர்வு நெறியாளருக்குக் கடிதம் எழுதினேன். விடைக்குறிப்பில் பிழை, அது என் பிழை, இந்த மாணவிக்கு எட்டு மதிப்பெண்ணும் வழங்க வேண்டும், என் நோட்ஸை நம்பி எழுதிய மற்றவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. கையெழுத்தும் போட்டேன். அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள்.

"நான் கிளாஸ்லயே கேட்டேன்ல மேம்" என்றாள். "அதையும் எழுதுங்க."

தாளைத் திரும்ப வாங்கி, கையெழுத்துக்குக் கீழே அதையும் எழுதினேன்.