பதினெட்டாவது அடியில் ஒரு சுவர்

காலை முறையை முடித்துவிட்டுப் பணப்பையை ஒப்படைத்த நடத்துநர், சீருடையைக்கூட மாற்றாமல் பணிமனையின் மாடிப்படி ஏறினாள். பகல் ஒரு மணிக்கு டேபிள் டென்னிஸ் மேசை பெண்களுக்கு உரியது. கேட்டுப் பெற்றதல்ல, போராடிப் பெற்றது. மூன்றாண்டு மனு எழுதி, முகம் சுளித்தவர்களைச் சகித்து, ஆறு பெண்கள் சேர்ந்து வென்றெடுத்த ஒரு மணி நேரம்!

அன்று மேசை சுவரோரம் மடக்கி நிறுத்தப்பட்டிருந்தது. முப்பதடி நீளமும் பதினாறடி அகலமும் கொண்ட கூடத்தின் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. கோட்டின் மேல் செங்கற்களை வரிசை பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு கொத்தனார்.

"என்னண்ணே இது?"

"சுவரும்மா. இந்தப் பக்கம் பதினெட்டடி உங்க ஆட்டத்துக்கு. அந்தப் பக்கம் பன்னெண்டடி மேற்பார்வையாளர் ரூமு."

"பதினெட்டா? யாரு சொன்னா?"

"உங்க சங்கத்துக்காரர்தான். நேத்து அவரே டேப்பைப் பிடிச்சு அளந்தாரு. மேசை ஒன்பதடி, ரூமு ரெண்டு மடங்கு, தாராளம்னாரு. ஜன்னல் மட்டும் அவர் பக்கம் வரணுமாம்."

"அவர் பக்கமா?"

"அடுத்த மாசத்துலேருந்து அவர்தானேம்மா மேற்பார்வையாளர்? உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. சங்கச் செயலாளர் வேறு யாருமல்லர். அவளுடைய அக்காள் கணவர். பட்டறையில் மெக்கானிக். எட்டு ஆண்டுகளாகக் கலப்பு இரட்டையரில் அவளுடைய இணை. கூடத்தைச் சுருக்க நிர்வாகம் நினைக்கிறது என்று காதில் விழுந்த அன்றே, இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து கோரிக்கை எழுதினார்கள். மேசை ஒன்பதடிக்கு ஐந்தடி. ஆட்டம் மேசையோடு முடிவதில்லை. அதன் பின்னால்தான் தொடங்குகிறது. இரு முனைகளிலும் ஒன்பதரை அடி, இரு பக்கமும் ஐந்தடிக்குக் குறையாமல் வேண்டும். ஆகவே இருபத்தெட்டடி நீளத்துக்குக் கீழே ஓர் அங்குலமும் இறங்க மாட்டோம். அந்த வரியைச் சொன்னவர் அவர், எழுதியவள் அவள்.

சங்க அறைக்குப் போய், நிர்வாகத்தோடு சங்கம் போட்டிருந்த ஒப்பந்தத்தைப் புரட்டினாள். இருபத்தெட்டு என்ற எண் எங்கும் இல்லை. 'மேசை போடுவதற்கும் சுற்றி நடப்பதற்கும் போதிய அறை' என்றிருந்தது. கீழே அவள் நன்கறிந்த கையெழுத்து.

சுற்றி நடப்பதற்காம்! விளையாட வந்தவர்களை நடைபயில அனுப்பிய வாக்கியம் அது. பதினெட்டில் ஒன்பது போனால் மிச்சம் ஒன்பது. முனைக்கு நாலரை அடி. மேசையை ஒட்டி நின்று அடித்து நொறுக்கும் அவருக்கு அது ஓரளவு போதும். பின்னால் எட்டடி விலகி, பாய்ந்து வரும் பந்தை வெட்டித் திருப்பும் தடுப்பாட்டக்காரி அவள். அவளுக்கு நாலரை அடி என்பது அறையல்ல, அலமாரி. அவள் ஆட்டத்தை இந்தப் பணிமனையில் அவரைவிட அறிந்தவர் எவருமில்லை. அறியாமல் வெட்டியிருந்தால் பிழை. அறிந்து வெட்டியதற்குப் பெயர் என்ன?

மூன்று மணிக்கு ஒப்பந்தத்தை ஏற்கும் கூட்டம் அதே கூடத்தில் கூடியது. நாற்பது பேர் சுவரோரம் நின்றார்கள். அக்காள் கணவர் எழுந்தார்.

"தோழர்களே, முழு ஹாலையும் எடுக்கப் பாத்தாங்க. போராடிப் பாதிக்கு மேல வாங்கியிருக்கேன். ஒன்பதடி மேசைக்குப் பதினெட்டடி ரூமு. வேற என்ன வேணும்?"

"மாமா," என்றாள் அவள். "அந்த ரூமு யாருக்குன்னு சொல்லலையே?"

கூட்டம் சலசலத்தது.

"வீட்டுல பேசிக்கலாம்மா."

"வீட்டுக் கூடத்துல சுவர் வெச்சா வீட்டுல பேசலாம். இது நாப்பது பேர் கூடம். கோட்டு மேல பெஞ்சை அடுக்குங்க. ஆடிப் பாப்போம். போதும்னா நானே முதல்ல கை தூக்கறேன்."

"அப்படிப் போடு!" என்று ஓர் ஓட்டுநர் குரல் கொடுத்தார். "மச்சானுக்கும் மச்சினிக்கும் இன்னைக்கு இலவசக் காட்சி!"

பெஞ்சுகள் தோளுயரத்துக்கு ஏறின. பதினெட்டடிக்கு நடுவே மேசை விரிந்தது. அவள் பெஞ்சுப் பக்கம் நின்றாள். அவர் பந்தைப் போட்டார்.

எட்டு ஆண்டுகளில் அவள் கண்டிராத பந்து அது. வேகமில்லை, சுழலில்லை, குழந்தைக்கு ஊட்டும் சோற்றுருண்டை போல மெல்ல உயர்ந்து வந்து விழுந்தது. திருப்பி அனுப்பினாள். மறுபடியும் அதே பந்து. ஓரடிகூடப் பின்வாங்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. இருபது, முப்பது முறை பந்து போய்வந்தது.

"பாரு, நல்லாத்தானே ஆடுறாங்க!" என்றார் யாரோ. சிலர் கைதட்டினார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காகிதத்தில் செய்ததை இப்போது கண்ணெதிரே செய்கிறார். அவளுடைய கையையே சாட்சியாக்கி, அவளுக்கு எதிராகவே பேச வைக்கிறார்!

பந்தைக் கையால் பிடித்தாள்.

"மாமா, அடிங்க. நீங்க எப்பவும் அடிக்கிற அடி."

"இதுவும் ஆட்டம்தானேம்மா."

"சரி. பக்கம் மாறிக்கலாம். எப்பவும் மாறுவோமே?"

மறுக்க வழியில்லை, நாற்பது பேரும் அறிந்த வழக்கம். அவர் பெஞ்சுகளுக்கு முன்னால் வந்து நின்றார். மீண்டும் அந்தச் சோற்றுருண்டைப் பந்து உயரே மிதந்து வந்தது. தடுத்தே பழகிய பெண் அன்று தடுக்கவில்லை. தோள் முழுவதையும் திரட்டி அடித்தாள். மேசையின் கடைசி விளிம்பில் தெறித்த பந்து அவர் மார்பை நோக்கிப் பாய்ந்தது.

பொய்யை நெஞ்சு போற்றிக் காக்கலாம். பழகிய கால்களுக்குப் பொய் தெரியாது. அவை தாமாகவே இரண்டெட்டு பின்வாங்கின. குதிகால் பெஞ்சில் மோதியது. முழங்கை பெஞ்சுக் காலில் இடித்தது. மட்டை கைநழுவிப் பறந்தது. மேல் பெஞ்சு சரிந்து விழுந்த ஓசை கீழே பட்டறை வரை கேட்டது.

எவரும் சிரிக்கவில்லை. இலவசக் காட்சி கேட்ட ஓட்டுநர்தான் முதலில் வாய் திறந்தார்.

"பெஞ்சா இருந்ததால சரிஞ்சுது. சுவரா இருந்தா முழங்கை போயிருக்கும். இதுக்கா எங்க கையைத் தூக்கச் சொன்னே?"

ஒப்பந்தத்துக்கு ஆதரவாக நான்கு கைகள் உயர்ந்தன. எதிராக உயர்ந்தவற்றை எண்ண வேண்டிய தேவையில்லை. புதிதாகப் பேச வேறொருவரை அனுப்புவதென்று முடிவாயிற்று. கொத்தனார் செங்கற்களைக் கூடையில் திருப்பி அடுக்கினார்.

கூட்டம் கலைந்தபின் அவர் முழங்கையைத் தேய்த்தபடி அருகில் வந்தார்.

"உங்க அக்காவுக்காகத்தான்மா. பசங்க படிப்பு இருக்கு. இந்த வேலை மறுபடி வருமா?"

"வேலை வேணும்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம் மாமா. மகளிர் நேரத்தையே விட்டுத் தந்துடுன்னுகூடக் கேட்டிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன். ஆனா நேரா கேட்டிருப்பீங்க." அவள் தரையிலிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினாள். "நான் எவ்வளவு தூரம் பின்னால போவேன்னு உங்களுக்கு அங்குலக் கணக்குல தெரியும். அதைத் தெரிஞ்சுதானே கோடு போட்டீங்க?"

அவர் திரும்பிப் படியிறங்கினார்.

அறிவிப்புப் பலகையில் அடுத்த மாதப் போட்டிக்கான பட்டியல் தொங்கியது. கலப்பு இரட்டையர் வரிசையில் முதலாவதாக இருவர் பெயரும் இணைந்திருந்தன. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பெயரை மட்டும் அடித்தாள். பிறகு படியோரம் காத்திருந்த மற்ற ஐந்து பெண்களைப் பார்த்து, "யாராவது எனக்கு எதிர்ல வந்து நில்லுங்கடி. பலமா அடிக்கணும்," என்றாள்.